முன்பணம் கேட்கும் கடிதமும் காலை எட்டரை மணிக் கணக்கும்

திறந்தவெளி அரங்கில் ஏற்பாடு செய்த விழா மழையால் நின்றுபோனால், முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு அரங்க மேலாளருக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். ‘அன்று பேய்மழை’ என்று எழுதினால் மட்டும் போதாது; அரசின் மழைப் பதிவைச் சான்றாக இணைக்க வேண்டும். அங்கேதான் தேதி காலை வாரிவிடும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை மழைமானியின் அன்றாடக் கணக்கைக் காலை 8.30 மணிக்கு முடிக்கிறது. முந்தைய நாள் காலை 8.30 மணியிலிருந்து பெய்தது முழுவதும், அளந்த நாளின் பெயரில் பதிவாகும். ஆகவே மாலை விழாவைக் கெடுத்த மழை மறுநாள் தேதியில்தான் இருக்கும். விழா நாளின் பதிவைக் கடிதத்தோடு வைத்தால், அது முந்தைய நாள் மழையைத்தான் பெரும்பாலும் சொல்லும்.

2015 டிசம்பர் 1 அன்று சென்னையைப் புரட்டிப்போட்ட மழையையே எடுத்துக்கொள்வோம். தாம்பரத்தில் 49 செ.மீ. என்ற பதிவு டிசம்பர் 2-க்கு உரியது. அன்று மாலை அங்கே ஒரு புல்வெளி அரங்கில் வரவேற்பு நடக்கவிருந்தது என்று வைத்துக்கொண்டால், கடிதம் இப்படி அமையலாம்:

“ஐயா, டிசம்பர் 1 மாலை நடக்கவிருந்த எங்கள் வரவேற்பு கனமழையால் நடைபெறவில்லை. டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாகியுள்ளது. பதிவின் நகலையும், அரங்கில் தண்ணீர் நின்ற படங்களையும் இணைத்துள்ளோம். அரங்கைப் பயன்படுத்த இயலாததால், முன்பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

அதே கணக்கில் நுங்கம்பாக்கத்தில் பதிவானது 29 செ.மீ. ஒரே பெருநகரப் பகுதிக்குள் 20 செ.மீ. வித்தியாசம்! அதனால் அரங்கத்துக்கு மிக அருகிலுள்ள நிலையத்தின் பதிவையே காட்ட வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. 24 மணி நேர மொத்தம், மழை எந்த வேளையில் பெய்தது என்று சொல்லாது. “விழா நேரத்தில் தூறல்தான், நள்ளிரவில்தான் கொட்டியது” என்று மேலாளர் மறுக்கலாம். அந்த நிலையத்தில் தானியங்கி மழைமானி இருந்தால், மணிவாரிக் கணக்கைக் கேட்டு வாங்குவது நல்லது. படம் எடுத்த நேரமும் கைகொடுக்கும்.

இவ்வளவும் மழை பெய்ததற்குத்தான் சான்று. பணம் திரும்புமா என்பதை முதலில் முடிவுசெய்வது ஒப்பந்தம். மழை, வெள்ளம் பற்றிய நிபந்தனை அதில் இருந்தால், கடிதத்தில் அதன் எண்ணைக் குறிப்பிட வேண்டும். இல்லையென்றால், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆவது பிரிவைப் பார்க்கலாம். நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். அப்படியானால் பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65-ஆவது பிரிவு. விருந்தினர் வரத் தயங்கினார்கள், சிரமமாக இருந்தது என்பவை இதற்குப் போதாது.

மேலாளர் மறுத்தால், குடும்ப விழா நடத்தியவர் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். லாபத்துக்காக நிகழ்ச்சி நடத்துவோரை அந்தச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.