வேண்டாம் என்று சொல்ல நாலு வரி

கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். முன்பின் தெரியாத ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து முதலாளிக்கு மின்னஞ்சல் வருகிறது. சரக்கு இருப்புக் கணக்கைத் தங்கள் மென்பொருளில் வைத்துக்கொள்ளலாம், பேசக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள் என்கிறார் விற்பனையாளர். முதலாளி கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள், "என் மடலைப் பார்த்தீர்களா?" என்று இன்னொன்று. அடுத்த வாரம் மற்றொன்று.

இவற்றை அந்த விற்பனையாளர் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுதுவது அபூர்வம். நாலைந்து மடல்களை முன்கூட்டியே எழுதி, எத்தனை நாளுக்கு ஒன்று என்று குறித்து, அனுப்பும் மென்பொருளில் ஏற்றிவிடுவார்கள். பதில் வராதவரை அது வரிசையாக அனுப்பிக்கொண்டிருக்கும். பதில் வந்துவிட்டால் பெரும்பாலும் வரிசை தானாக நின்றுவிடும். அதன்பிறகுதான் ஒரு மனிதர் அதைப் படிக்கிறார். அதனால் சும்மா இருப்பதைவிட ஒரு பதில் போடுவது மேல்.

ஆனால் என்ன எழுதுகிறோம் என்பதில் சூட்சுமம் இருக்கிறது. "இப்போதைக்கு வேண்டாம்" என்று எழுதினால், சில மாதம் கழித்துத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்று குறித்துக்கொள்வார்கள். "விலை கட்டுப்படியாகாது" என்றால் தள்ளுபடியோடு திரும்பி வருவார்கள். "ஏற்கெனவே வேறொன்று வைத்திருக்கிறோம்" என்றால், அதைவிட இது எப்படி உசத்தி என்று ஒரு பக்கம் வரும். நாம் மரியாதைக்குச் சொல்லும் காரணம், விற்பனையாளருக்குப் பேச்சைத் தொடர ஒரு பிடி. காரணம் சொல்லாமல் மறுப்பது முரட்டுத்தனம் ஆகாது.

பட்டறை முதலாளி இப்படி எழுதலாம்:

"வணக்கம். உங்கள் மடலைப் பார்த்தேன், நன்றி. எங்களுக்கு இந்தச் சேவை தேவையில்லை. info@ என்று தொடங்கும் எங்கள் முகவரியையும், இந்த மடல் எழுதும் என் முகவரியையும் உங்கள் நிறுவனம் இனித் தொடர்புகொள்ளக் கூடாதவர்களின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். சேர்த்ததும் ஒரு வரி தெரிவித்தால் போதும்."

இதில் முகவரியைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல அலுவலகங்களில் info@, sales@ போன்ற பொது முகவரிக்கு வருவது முதலாளியின் சொந்தப் பெட்டிக்குத் திருப்பிவிடப்படும். அவர் அங்கிருந்து பதில் போட்டால், எந்த முகவரியை எடுப்பது என்று அனுப்பியவருக்குத் தெரியாது. பட்டியலில் இல்லாத முகவரியை நீக்கிவிட்டு, இருப்பதை விட்டுவிடுவார்.

"நீக்குங்கள்" என்று மட்டும் எழுதாமல் "தொடர்புகொள்ளக் கூடாதவர்களின் பட்டியலில் சேருங்கள்" என்பதும் அதே மாதிரிதான். முகவரியை வெறுமனே அழித்துவிட்டால், நாளை அந்த நிறுவனம் வெளியிலிருந்து புதிய பட்டியல் வாங்கும்போது அதே முகவரி மறுபடி உள்ளே வரும். தடைப் பட்டியலில் இருந்தால், புதிதாக வந்தாலும் மென்பொருள் அதை ஒதுக்கிவிடும். நிறுவனம் என்று சொல்லிவிட்டதால், அந்த விற்பனையாளர் வேலையை விட்டுப் போய் வேறொருவர் வந்தாலும் வேண்டுகோள் நிற்கும்.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும் என்பது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு CAN-SPAM சட்டப்படி, வேண்டாம் என்று சொன்னவருக்கு 10 வேலை நாட்களுக்குள் விளம்பர மடல்களை நிறுத்தியாக வேண்டும். நிறுவனங்களுக்கு அனுப்பும் மடல்களுக்கும் அது பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒருவர் தன் விவரத்தை நேரடி விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னால், நிறுவனம் மறுபேச்சில்லாமல் நிறுத்த வேண்டும். இந்தியாவில் டிராயின் டிஎன்டி பதிவு தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும்தான். அதில் பதிந்துவிட்டு மின்னஞ்சல் நிற்குமென்று காத்திருப்பதில் பயனில்லை. விளம்பர மின்னஞ்சலுக்கென்றே தனிச் சட்டமும் இங்கே கிடையாது. ஆகவே நம் மடலின் தெளிவுதான் முதல் கருவி.

எல்லா மடலுக்கும் இப்படிப் பதில் போடக் கூடாது. noreply@ என்ற முகவரியிலிருந்து வந்தால் நம் பதிலை யாரும் படிக்கப் போவதில்லை. தெரிந்த நிறுவனமாக இருந்தால் அடியில் இருக்கும் Unsubscribe இணைப்பே வழி. நிறுவனத்தின் பெயர் ஒன்று, அனுப்பிய முகவரி வேறொன்று, கேட்காத கோப்பு இணைப்பு, பரிசு விழுந்ததாகச் செய்தி என்றால் அது விற்பனையே அல்ல. அதற்குப் பதில் போட்டால், இந்தப் பெட்டியை ஓர் ஆள் பார்க்கிறார் என்று நாமே உறுதி சொன்னதாகிவிடும். இணைப்பு எதையும் தொடாமல் ஸ்பாம் என்று குறித்துவிடலாம்.

நேர்மையான நிறுவனம் என்று நம்பிப் பதில் போட்ட பிறகும், இரண்டு வாரம் கழித்து மறுபடி மடல் வந்தால்? முதல் பதிலையே மேற்கோளாக வைத்து, "ஏற்கெனவே இந்தத் தேதியில் கேட்டிருந்தேன்" என்று ஒரே ஒரு வரி அனுப்பலாம். அதற்கும் அடங்காவிட்டால் தயங்காமல் ஸ்பாம் பொத்தானை அழுத்தலாம். மொத்தமாக மடல் அனுப்புவோர் மீது வரும் ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று ஜிமெயில் கேட்கிறது. தொட்டால், வாங்க விரும்பும் வாடிக்கையாளருக்கு அனுப்பும் மடலும் ஸ்பாம் பெட்டிக்குள் விழத் தொடங்கும். ஆயிரம் மடலுக்கு மூன்று புகாரே அந்த எல்லை என்பதால், ஒருவர் அழுத்துவதற்கும் கணக்கில் எடை உண்டு.