சாத்தமுதா, ரசமா? ஒரு நோட்டீஸ் கத்துக்கொடுத்தது

விளம்பரத்துல தூய தமிழ் எழுதணுமா, இங்கிலீஷ் கலந்து எழுதணுமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இதுக்கு பதில் சொல்ல, நானே சொதப்பின ஒரு நோட்டீஸ் கதையை எடுத்துக்கறேன்.

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில ஒரு மாமி, வீட்டுலயே சமைச்சு மதியச் சாப்பாடு அனுப்பறாங்க. அவங்களுக்காக நான் எழுதின முதல் வரி: "இல்லம் தேடி உணவு வழங்கல்." நல்ல தமிழ், இல்லையா? நோட்டீஸ் போட்ட மறுநாள் மாமி கூப்பிட்டாங்க. "ஏம்பா, காத்தாலேர்ந்து நாலு போன். ஆதார் கார்டு எடுத்துண்டு வரணுமான்னு கேக்கறா!"

காரணம் என்னன்னா, அந்த வார்த்தைகளுக்கு ஏற்கெனவே ஒரு ஓனர் இருக்கார். அரசாங்கம். 2021-ல வந்த திட்டங்களோட பேர் 'இல்லம் தேடிக் கல்வி', 'மக்களைத் தேடி மருத்துவம்'. ரேஷன் கடைக்குப் பின்னாடி இருக்கறது குடிமைப்பொருள் வழங்கல் துறை. அதனால 'இல்லம் தேடி', 'வழங்கல்' ரெண்டும் சேர்ந்தா, படிக்கிறவங்க மனசுல இலவசத் திட்டம்தான் வரும்.

சரின்னு 'விநியோகம்'னு மாத்தலாம்னு நினைச்சேன். முதல்ல, அது தமிழே இல்ல, சமஸ்கிருதம். அதைவிட முக்கியம், ஸ்ரீரங்கத்துல அது கோயில் வார்த்தை. பிரசாத விநியோகம்னு சொல்வாங்க. அதுக்கும் யாரும் காசு கொடுக்கறதில்ல.

அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செஞ்சேன். மாமிக்கு வர்ற போன்களைப் பக்கத்துல உட்கார்ந்து கேட்டேன். எழுபது வயசு தாத்தாகூட "டோர் டெலிவரி உண்டா?"ன்னுதான் கேட்டார். மருந்துக்கடைல, மளிகைக்கடைல எல்லாம் அவர் கேக்கற வார்த்தை அதுதான். வெறும் 'டெலிவரி'ன்னா பிரசவமும் ஞாபகம் வரும், 'டோர்' சேர்ந்தா குழப்பமில்ல. அதையே போட்டு, பக்கத்துலயே விலையையும் போட்டேன். ஆதார் போன் நின்னுடுச்சு.

அப்போ இங்கிலீஷ்தான் ஜெயிக்குமா? இல்ல. மெனுவுக்கு வந்தா கதை தலைகீழ்.

நான் மெனுவுல "ரசம், பொரியல், பாயசம்"னு எழுதியிருந்தேன். மாமி மூணையும் அடிச்சுட்டு "சாத்தமுது, கறியமுது, திருக்கண்ணமுது"ன்னு எழுதினாங்க. ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீடுகள்ல தினமும் புழங்கற பேர் இதுதான். கவனிச்சீங்கன்னா, ரசம், பாயசம் ரெண்டும் வடமொழி. சாறும் அமுதும் சேர்ந்ததுதான் சாத்தமுது. அதாவது, இந்தத் தெருவுல நல்ல தமிழ்தான் பேச்சுவழக்கு. அதைப் பார்த்ததும் "நம்மாத்து கைப்பக்குவம்"னு அவங்களுக்குப் புரிஞ்சுடும். அதுக்கு மேல ஒரு வரி விளம்பரம் தேவையில்ல.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. இந்த வார்த்தைகள் ஒரு சமூகத்தோட அடையாளம். ஸ்ரீரங்கத்துலயே பூக்கடை வச்சிருக்கறவர், ஆட்டோ ஓட்டறவர் இதைப் படிச்சா, "இது நமக்கு இல்ல போல"ன்னு நகர்ந்துடுவார். இப்படி யார் வெளிய நிக்கிறாங்கன்னு தெரிஞ்சே எழுதணும். மாமிகிட்ட நேராவே கேட்டேன், "அவங்களுக்கும் விக்கணுமா, வேண்டாமா?" "பசின்னு வர்றவா எல்லாரும் வரட்டும்"னாங்க. அதனால நோட்டீஸ்ல "சாத்தமுது (ரசம்)"னு ரெண்டையும் போட்டோம்.

காவிரிப் பாலம் தாண்டி, தில்லை நகர் பக்கம் ஹாஸ்டல்ல இருக்கற பசங்களுக்கு இன்ஸ்டாகிராம்ல போட்ட பதிவுல 'ரசம்', 'பாயசம்', 'வீக்லி பிளான்'. அங்க சாத்தமுதுன்னு போட்டா, அது என்ன டிஷ்ஷுன்னு கேட்டுட்டு ஸ்க்ரோல் பண்ணிடுவாங்க.

ரெண்டு பக்கத்துக்கும் மாறாத ஒரே இடம், கடைசி வரி. ஆர்டர் பண்ணச் சொல்ற வரி. அங்க 'புலனம்'னு எழுதாதீங்க. போன் ஸ்க்ரீன்ல என்ன பேர் இருக்கோ, அதான் எழுதணும்: "வாட்ஸ்அப் பண்ணுங்க." தேட வேண்டிய பேரே தெரியலன்னா கை அங்கயே நின்னுடும்.

இப்போ எந்த காப்பி எழுதினாலும் நான் பண்ற டெஸ்ட் இது. அந்த ஏரியாக்காரங்க அஞ்சு பேர்கிட்ட நோட்டீஸைக் காட்டிட்டு, திரும்ப வாங்கி வச்சுக்குவேன். "இதுல என்ன போட்டிருக்குன்னு உங்க வீட்டுல எப்படி சொல்வீங்க?"ன்னு கேப்பேன். நான் எழுதின வார்த்தையையே திருப்பிச் சொன்னா அது பாஸ். அவங்க வேற வார்த்தை போட்டுச் சொன்னா, நான் என்னுதை அடிச்சுட்டு அவங்களோடதை எழுதிக்குவேன். நம்ம பஞ்சப்பூர் போர்டுல 'ஒருங்கிணைந்த பேருந்து முனையம்'னு இருந்தாலும், நீங்க கண்டக்டர்கிட்ட என்ன சொல்லி டிக்கெட் வாங்கறீங்க? "பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டு ஒண்ணு"தானே.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.