அதே 3060, வேறு 3060

'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' கணினிக்கு வந்தது 2023 மார்ச் 28 அன்று. பிளேஸ்டேஷனில் கொண்டாடப்பட்ட கேம் என்பதால் எதிர்பார்ப்பு ஏகத்துக்கும் இருந்தது. ஸ்டீம் கடையில் அன்றே எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. ஷேடர் தயாராவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, விளையாடும்போது திணறுகிறது, நடுவில் நின்றுபோகிறது என்று புகார்கள். அதே பக்கத்தில், தன் கணினியில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதியவர்களும் இருந்தார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. கணினிகள்தான் வேறு வேறு.

வாங்க நினைப்பவர் இப்படிப்பட்ட நேரத்தில் செய்வது ஒன்றுதான்: தன்னிடம் உள்ள கிராபிக்ஸ் கார்டின் பெயரைத் தேடி, அதே பெயரைச் சொன்னவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்று பார்ப்பது. சறுக்குவதும் அங்கேதான்.

ஆர்டிஎக்ஸ் 3060-ஐயே எடுத்துக்கொள்ளலாம். மேசைக் கணினிக்கு வந்த முதல் 3060-இல் 12 ஜிபி வி-ரேம். பின்னாளில் 8 ஜிபி வகையும் வந்தது. லேப்டாப்பில் வரும் 3060-இல் இருப்பதோ 6 ஜிபி. போதாததற்கு, லேப்டாப் தயாரிப்பவர் அந்தச் சிப்புக்கு 60 வாட் மின்சாரம் கொடுக்கிறாரா, 115 வாட் கொடுக்கிறாரா என்பதைப் பொறுத்து வேகமும் மாறும். விமர்சனம் எழுதுகிறவர் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். '3060, அருமையாக ஓடுகிறது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்.

'லாஸ்ட் ஆஃப் அஸ்' வெளியானபோது இந்த வித்தியாசம் பெரிதாகவே தெரிந்தது. பரப்புகளுக்கான படங்களை, அதாவது டெக்ஸ்சர்களை, உயர் தரத்தில் வைத்தால் 8 ஜிபி கார்டுகள் மூச்சுவாங்கின. தரத்தைக் குறைத்தால் சுவரும் தரையும் சேறு பூசியதுபோல் மங்கின. விலையிலும் வேகத்திலும் மேலே இருந்த 8 ஜிபி 3070 தடுமாறிய இடத்தில், 12 ஜிபி 3060 நல்ல டெக்ஸ்சரோடு ஓடியது. 3070-க்குக் கீழே உள்ள கார்டு என்பதால் தன் 3060-க்கு இன்னும் மோசமாகத்தான் இருக்கும் என்று அன்று முடிவுகட்டியவர் ஏமாந்திருப்பார்.

ஆகவே மொத்தக் கணினியும் தன்னுடையதைப் போலவே இருக்கும் ஒருவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அப்படி ஒருவர் கிடைப்பதும் அரிது. பாகம் பாகமாகப் பொருத்திப் பார்ப்பதே நடைமுறைக்கு உகந்தது. ஒருவரிடம் 6 ஜிபி 3060, ரைசன் 5 5600எச், 16 ஜிபி ரேம் கொண்ட லேப்டாப் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நினைவகம் போதுமா என்ற கேள்விக்கு அவர் 3060 வைத்திருப்பவர்களை மட்டும் பார்க்க வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 2060, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் போன்ற 6 ஜிபி கார்டுக்காரர்கள் சொல்வதும் அவருக்குப் பொருந்தும். பிராசஸர் தாங்குமா என்பதற்கு, கார்டு எதுவானாலும், ஏறத்தாழ அதே பலமுள்ள ஆறு கோர் பிராசஸர்காரர்களின் குறிப்பைப் படிக்க வேண்டும். 4090 வைத்திருப்பவர்கூட, அவர் பிராசஸர் பழையதாக இருந்தால், இங்கே நல்ல சாட்சிதான்.

எந்தப் பாகம் திணறுகிறது என்பதைப் புகாரிலிருந்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். முதல் அரைமணி நேரம் சரியாக ஓடி, போகப் போகத் தள்ளாடுகிறது, டெக்ஸ்சரைக் குறைத்ததும் சரியாகிவிட்டது என்று ஒருவர் எழுதினால் பெரும்பாலும் அது வி-ரேம் பற்றாக்குறை. ரெஸல்யூஷனைக் குறைத்தும் வேகம் கூடவில்லை, கார்டு 60 சதவீதம்தான் வேலை செய்கிறது என்றால் பிராசஸர் முட்டுக்கட்டை போடுகிறது. ஒரு வெடிப்போ புதிய எதிரியோ முதல் தடவை தோன்றும்போது மட்டும் படம் உறைந்து, அடுத்த தடவை உறையாமல் போனால் அது ஷேடர் விவகாரம். இப்படி அறிகுறி எதையும் சொல்லாமல் 'குப்பை' என்று மட்டும் எழுதியவரின் கோபம் நியாயமாகவே இருக்கலாம், ஆனால் கணக்குப் போட உதவாது.

'60 எஃப்.பி.எஸ். கிடைக்கிறது' என்ற பாராட்டுக்கும் இதே கதிதான். எந்த ரெஸல்யூஷனில்? டிஎல்எஸ்எஸ் போட்டா, போடாமலா? 40 வரிசைக் கார்டில் டிஎல்எஸ்எஸ் வழியாக இடைச்சட்டங்களை உருவாக்கிக் கிடைத்த எண் என்றால், 3060-இல் அந்த வசதியே கிடையாது. சராசரி 60 என்பதும் ஓரளவுக்குத்தான் உதவும். நொடிக்கு 60 படம் என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 16.7 மில்லிநொடி. நடுநடுவே ஒரு படம் 100 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் சராசரி அவ்வளவாகக் குறையாது, கண்ணுக்கு மட்டும் வெட்டு வெட்டாகத் தெரியும். ஆகவே குறைந்தபட்ச வேகத்தையும் சேர்த்துச் சொல்லும் குறிப்பே நம்பத்தக்கது.

ஸ்டீமில் ஒவ்வொரு விமர்சனத்தோடும் அதை எழுதியபோது அவர் எத்தனை மணி நேரம் ஆடியிருந்தார் என்பது காட்டப்படும். அரைமணி நேரக்காரர் ஷேடர் காத்திருப்பைப் பற்றியும் தொடக்கக் காட்சிகளைப் பற்றியும் மட்டுமே பேச முடியும். 2023 ஆகஸ்டில் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' இதற்கு நல்ல உதாரணம். முதல் பாகத்தில் காடும் சிற்றூர்களும். அங்கே நன்றாக ஓடிய கணினிகள், மூன்றாம் பாகத்தின் நெரிசலான நகரத்துக்குள் நுழைந்ததும் பிராசஸர் சுமையால் தளர்ந்தன. முதல் வாரத்தில் பத்துப் பதினைந்து மணி நேரம் ஆடிப் பாராட்டியவர்களில் பலர் அந்த நகரத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

தேதியும் முக்கியம். 'லாஸ்ட் ஆஃப் அஸ்' வெளியான அடுத்த வாரங்களில் பேட்ச் மேல் பேட்ச் வந்து, குறைந்த நினைவகத்திலும் டெக்ஸ்சர்கள் தேறின. மார்ச் மாதப் புகாரை ஜூனில் படித்து முடிவெடுப்பது அநியாயம். அதற்காக, பேட்ச் வந்துவிட்டது என்ற அறிவிப்பை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். அதற்குப் பிறகு எழுதப்பட்ட விமர்சனங்களை மட்டும் தனியாக வடிகட்டிப் பார்த்தால், தேறியது எது, தேறாதது எது என்று தெரிந்துவிடும்.

இத்தனை பொருத்தமும் பயன்படாத கேம்களும் உண்டு. 2023 ஏப்ரலில் வந்த 'ஸ்டார் வார்ஸ் ஜெடை: சர்வைவர்' அப்படி. புதிய பகுதிக்குள் ஓடும்போதெல்லாம் படம் உறைந்தது, விலையுயர்ந்த கார்டுகளிலும் உறைந்தது. கீழ்நிலைக் கணினிக்காரரும் உச்சநிலைக் கணினிக்காரரும் ஒரே குறையை ஒரே வார்த்தையில் சொன்னால், கோளாறு கேமின் அடித்தளத்தில் இருக்கிறது என்று பொருள். அங்கே தன் கார்டின் பெயரைத் தேடுவது வீண் வேலை.

எவ்வளவு படித்தாலும் கடைசிச் சோதனை சொந்தக் கணினியில்தான். வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: கேமுக்குள் ஷேடர் தயாராகும் நேரமும் ஆடிய நேரமாகவே கணக்காகும். 'லாஸ்ட் ஆஃப் அஸ்' வெளியான நாளில் அதைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்களுக்கு, உண்மையாகச் சோதித்துப் பார்க்க ஒரு மணி நேரம்கூட மிஞ்சியிருக்காது. ஷேடருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைத் தன் பிராசஸருக்கு நிகரானவர்களின் குறிப்பிலிருந்து முன்கூட்டியே தெரிந்துகொண்டவர், மிச்ச நேரத்தை நேராக நெரிசலான ஒரு காட்சிக்குச் செலவிடலாம்.