சாவித் தலைக்குள் ஒரு சில்லு: இம்மொபிலைசர் வேலை செய்யும் விதம்

உரிய சாவி இல்லாமல் வண்டியின் எஞ்சினை ஓடவிடாத மின்னணுப் பூட்டுக்கு இம்மொபிலைசர் என்று பெயர். இரும்புத் தண்டை எவ்வளவு கச்சிதமாக நகலெடுத்து வெட்டினாலும், சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற சிறு சில்லு சரியான விடை தராவிட்டால் எஞ்சின் ஓடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயம்.

இந்தச் சில்லுக்கு பேட்டரி கிடையாது. சாவித் துளையைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது 125 அல்லது 134 கிலோஹெர்ட்ஸ் அளவில் காந்தப்புலத்தை எழுப்புகிறது. அதிலிருந்து சில்லின் சுருளில் உண்டாகும் சிறு மின்சாரமே அதற்குப் போதும். இந்தக் காந்தப்புலம் சில சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான் எட்டும். ரிமோட்டின் பேட்டரி தீர்ந்து கதவு திறக்காத நாளிலும் அதே சாவியில் எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு, சில்லுக்கு பேட்டரி தேவைப்படாததே காரணம்.

தொடக்ககாலச் சில்லுகள் எப்போதும் ஒரே எண்ணைத்தான் அனுப்பின. அதை ஒருமுறை பதிவு செய்தவர், பின்னர் அப்படியே திருப்பி அனுப்பி வண்டியை ஏமாற்றிவிடலாம். ஆகவே, கேள்விக்கு விடை சொல்லும் முறை வந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரித்த டிஎஸ்டி40 இதற்கு நல்ல உதாரணம். சில்லு முதலில் தன் அடையாள எண்ணைச் சொல்கிறது. வண்டி 40 பிட் நீளமுள்ள ஓர் எண்ணைக் கேள்வியாக அனுப்புகிறது. சில்லு அதைத் தன்னுள் இருக்கும் ரகசிய எண்ணோடு சேர்த்துக் கணக்கிட்டு, 24 பிட் விடையைத் திருப்பித் தருகிறது. வண்டியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. ரகசிய எண் காற்றில் செல்வதே இல்லை. கேள்வியும் மாறிக்கொண்டே இருக்கும்.

இரண்டு விடையும் பொருந்தினால்தான் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி எரிபொருளைத் தொடர்ந்து பீய்ச்ச அனுமதிக்கும். பொருந்தாவிட்டால், மாடலைப் பொறுத்து ஸ்டார்ட்டர் சுற்றாது. அல்லது எஞ்சின் ஓரிரு நொடி ஓடி அணைந்துவிடும். டாஷ்போர்டில் சாவி வடிவ விளக்கு மின்னும். அப்போது மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதில் வண்டி ஓடினால் கோளாறு முதல் சாவியில் இருக்கலாம். இரண்டிலும் ஓடாவிட்டால் கம்பிச்சுருளையோ வயரிங்கையோ சோதிக்க வேண்டும். வேறொரு வண்டியின் சில்லுச் சாவி அதே வளையத்தில் தொங்கினாலும் குழப்பம் நேரலாம்.

ரகசிய எண்ணின் நீளம்தான் இந்தப் பூட்டின் பலம். டிஎஸ்டி40இன் ரகசிய எண் 40 பிட் நீளமுள்ளது; அதில் சுமார் 1.1 லட்சம் கோடி எண்கள் சாத்தியம். 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் சாவி தந்த இரண்டே விடைகளை வைத்துக்கொண்டு, இணையாக இயங்கும் சில்லுகளில் அத்தனை எண்களையும் சோதித்து, ஒரு மணி நேரத்துக்குள் ரகசிய எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொரு பிட் கூடும்போதும் இந்தத் தேடல் இருமடங்காகும். அதனால்தான் பின்னர் வந்த சில்லுகள் பல 128 பிட் ஏஇஎஸ் முறைக்கு மாறின. ஆனால், வண்டியையே கட்டி இழுத்துச் செல்வதை எந்தச் சில்லும் தடுக்காது.