ஒரே இருக்கை, இரண்டு டிக்கெட்

தகவலை எப்படி டேபிள்களாகப் பிரித்து வைத்தால் அது பழுதில்லாமல் இருக்கும் என்று யோசித்தவர் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட். 1970-இல் அவர் எழுதிய கட்டுரையில் தொடங்கியதுதான் நார்மலைசேஷன். இன்று கணினி படிக்கும் எல்லா மாணவர்களுக்கும் தேர்வில் இந்தக் கேள்வி வந்துவிடும். விடையைத் திருத்தும்போது பலரும் கடைசியில் பிரித்துக் காட்டிய டேபிள்களைத்தான் பார்க்கிறார்கள். பிழை பெரும்பாலும் அதற்கு முன்பே, எது எதைத் தீர்மானிக்கிறது என்று எழுதிய வரிகளிலேயே நடந்து முடிந்திருக்கும்.

ஒரு தனியார் பஸ் முன்பதிவை எடுத்துக்கொள்வோம். ஒரே டேபிளில் டிக்கெட் எண், இருக்கை, பயணி, பஸ், தேதி, டிரைவர் என்று ஆறு பத்திகள். ஒரு டிக்கெட்டில் பல இருக்கைகள் எடுக்கலாம், ஆனால் பயணம் ஒன்றுதான். ஒரு பஸ் ஒரு நாளைக்கு ஒரு முறை, ஒரே டிரைவரோடு ஓடும். ஒரு பயணத்தில் ஓர் இருக்கையை ஒரு முறைதான் விற்கலாம். இந்த விதிகளை எழுதினால் நான்கு சார்புகள் வரும்:

```
டிக்கெட் → பஸ், தேதி
பஸ், தேதி → டிரைவர்
டிக்கெட், இருக்கை → பயணி
பஸ், தேதி, இருக்கை → டிக்கெட்
```

கேள்வித்தாளில் மாதிரிக்கு ஐந்து வரிசை கொடுத்திருப்பார்கள். ஐந்திலும் பெயர் வெவ்வேறாக இருந்தால், ‘பயணி → டிக்கெட்’ என்று ஒரு மாணவர் எழுதிவிடுவார். மாதிரி வரிசைகளால் ஒரு சார்பு பொய் என்று காட்ட முடியும். மெய் என்று காட்டவே முடியாது. சோதிக்க எளிய வழி உண்டு. அம்புக்குறியின் இடப்பக்கம் ஒன்றாகவும் வலப்பக்கம் வேறாகவும் இரண்டு வரிசைகளை நீங்களே எழுதிப் பாருங்கள். செல்வி என்ற பெயரில் இரண்டு பேர் இரண்டு டிக்கெட் எடுக்கலாமா? தாராளமாக எடுக்கலாம். அப்படியானால் அந்தச் சார்பை அடித்துவிட வேண்டியதுதான்.

அடுத்தது கீ. டிக்கெட் எண்தான் கீ என்று எழுதியிருந்தால், அதிலிருந்து கிளம்பி எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பாருங்கள். டிக்கெட் தெரிந்தால் பஸ்ஸும் தேதியும் தெரியும். அவை தெரிந்தால் டிரைவர் தெரியும். அதோடு நின்றுவிடும். இருக்கையும் பயணியும் கிடைக்கவில்லை, ஆகவே அது கீ இல்லை. இருக்கையைச் சேர்த்தால் ஆறும் கிடைத்துவிடும். ‘டிக்கெட், இருக்கை, தேதி’ என்று எழுதினாலும் ஆறும் கிடைக்கும்தான். ஆனால் தேதியை எடுத்துவிட்டாலும் குறைவதில்லை என்பதால் அதையும் கீ என்று ஏற்க முடியாது.

பெரும்பாலான விடைகள் இங்கே நிறுத்திவிடுகின்றன. ஒரு கீ கிடைத்தால் வேலை முடிந்தது என்ற நினைப்புதான் எனக்கு மிகவும் கவலை தருவது. இருக்கை எந்த அம்புக்குறிக்கும் வலப்பக்கத்தில் வரவில்லை. அதாவது வேறு எதை வைத்தும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாக் கீயிலும் அது இருந்தே தீரும். அதோடு டிக்கெட்டைச் சேர்க்காமல் ஆறையும் எட்ட வழி உண்டா? உண்டு. பஸ், தேதி, இருக்கை மூன்றும் இருந்தால் நான்காவது விதிப்படி டிக்கெட் கிடைக்கும், பிறகு எல்லாமே கிடைக்கும். இந்த டேபிளுக்கு இரண்டு கீ.

இரண்டாவதைத் தவறவிட்ட மாணவர் என்ன செய்வார்? பஸ்ஸும் தேதியும் கீயின் ஒரு பாதியான டிக்கெட்டை மட்டும் நம்பி இருக்கின்றன, இது இரண்டாம் நிலை மீறல் என்று சொல்லி, ‘டிக்கெட், பஸ், தேதி’ ஒரு டேபிள், ‘டிக்கெட், இருக்கை, பயணி’ இன்னொரு டேபிள், ‘பஸ், தேதி, டிரைவர்’ மூன்றாவது டேபிள் என்று பிரிப்பார். பார்க்க அழகாக இருக்கும். இப்போது 501, 502 என்ற இரண்டு டிக்கெட்டும் 10-ஆம் தேதி ஓடும் ஒரே பஸ்ஸுக்கு என்று வையுங்கள். 501-இல் 14-ஆம் இருக்கை செல்விக்கு, 502-இல் அதே 14-ஆம் இருக்கை முருகனுக்கு. மூன்று டேபிளும் இதை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் பஸ்ஸும் தேதியும் இருக்கையும் சேர்ந்து இருக்கும் டேபிள் ஒன்றுகூட மிச்சமில்லை. இருவரும் ஒரே இருக்கைக்கு முன்னால் வந்து நிற்பார்கள்.

உண்மையில் பஸ்ஸும் தேதியும் இரண்டாவது கீயின் உறுப்புகள். அதனால் இரண்டாம் நிலை விதி அவற்றைத் தொடுவதே இல்லை. வெளியே எடுக்க வேண்டியது டிரைவரை மட்டும்தான். எடுத்த பிறகு மீதி ஐந்து பத்திகளும் மூன்றாம் நிலையில் சரியாக இருக்கும். நான்கு பேர் போகும் டிக்கெட்டுக்குத் தேதி நான்கு முறை எழுதப்படும், அவ்வளவுதான். பாய்ஸ்–காட் நிலைக்குப் போகச் சொல்லிக் கேள்வி கேட்டிருந்தால் மேலே சொன்ன மூன்று டேபிள்தான் வரும். அப்போது நான்காவது விதி கைவிட்டுப் போகிறது என்றும், அதைத் தனியாகக் காவல் காக்க வேண்டும் என்றும் விடையில் ஒரு வரி இருக்க வேண்டும்.

ஆசிரியர்களே, திருத்த உட்காரும்போது டேபிள்களை ஓரமாக வைத்துவிட்டு, மாணவர் எத்தனை கீ எழுதியிருக்கிறார் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.