ஓடுகிறது என்று எழுதினால் போதாது

வேலையை விட்டுப் போகும் டேட்டாபேஸ் நிர்வாகி, அடுத்து வருபவருக்கு ஒரு குறிப்பு எழுதி வைப்பது ஐடி நிறுவனங்களில் வழக்கம். கடைசி வாரத்தின் அவசரத்தில் எழுதப்படுவதால் பெரும்பாலும் அதில் இப்படி ஒரு வரி இருக்கும்: “தினமும் இரவு 2 மணிக்கு பேக்கப் தானாக ஓடும்.” எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் புதிதாக வருபவரை ஏமாற்றுவதற்கு அந்த ஒரு வரியே போதும்.

எப்படி என்பதற்கு கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது நல்ல உதாரணம். புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் தளம் அது. 2017 ஜனவரி 31 இரவு, அதன் துணை டேட்டாபேஸ் சர்வர் முதன்மை சர்வரோடு ஒத்துப்போகாமல் பின்தங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய வெகுநேரம் போராடிய பொறியாளர், துணை சர்வரின் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க நினைத்தார். கட்டளையைக் கொடுத்த ஓரிரு விநாடியில்தான் தெரிந்தது, தான் இருப்பது முதன்மை சர்வரில் என்று. உடனே நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று தேடினார்கள். பேக்கப் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது.

அந்த ஜாப் தினமும் குறித்த நேரத்துக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 9.6. பேக்கப் ஜாப் ஓடியதோ வேறொரு சர்வரில். அங்கே எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்க வழியில்லாததால், `pg_dump` நிரலின் 9.2 பதிப்பு தானாகத் தேர்வாகிவிட்டது. பழைய பதிப்பு புதிய டேட்டாபேஸைத் தொடாது. பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பிழையைச் சொல்லும் மின்னஞ்சலும் கிளம்பியது. ஆனால் அனுப்புநரைச் சரிபார்க்கும் அமைப்பில் தேறாததால், வாங்கும் சர்வர் அதைத் திருப்பிவிட்டது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதே பொறியாளர் சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் கடைசியில் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்தில் பதிவானவை திரும்பக் கிடைக்கவில்லை. பேக்கப்பை மீட்டுச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் இல்லை என்பதை நிறுவனமே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

அந்த இரவை மனதில் வைத்துப் பார்த்தால், முதலில் சொன்ன வரி வேறுவிதமாக எழுதப்பட வேண்டியது: எந்த சர்வரில், எந்தப் பதிப்பு நிரலால் பேக்கப் ஓடுகிறது, ஃபைல் எங்கே போய்ச் சேர்கிறது, வழக்கமாக எத்தனை ஜிபி இருக்கும், தோற்றால் யாருக்குச் செய்தி போகும், கடைசியாக எந்தத் தேதியில் அதை வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்த்தார்கள், அதற்கு எத்தனை மணி நேரம் பிடித்தது. அளவு முக்கியம். நேற்றுவரை 40 ஜிபியாக இருந்த ஃபைல் இன்று 2 ஜிபி என்றால், பிழைச் செய்தி வராவிட்டாலும் ஏதோ கோளாறு என்று புதியவர் பிடித்துவிடலாம்.

இன்னொரு வகை ஆபத்தும் குறிப்பில் ஏற வேண்டும்: இன்று சரியாக இருந்து, ஒருநாள் தானே முட்டி நிற்பது. பல டேபிள்களில் வரிசை எண் வைக்கும் பத்தி 214,74,83,647 வரைதான் கொள்ளும். 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் நிறுவனத்தின் ஒரு டேபிள் அந்த எண்ணைத் தொட்டது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வாடிக்கையாளர்கள் பழையதைப் படிக்க முடிந்ததே தவிர, புதிதாக எதையும் சேர்க்க முடியவில்லை.

இதைப் பார்ப்பதற்கு ஒரே வரி போதும்:

```
SELECT last_value FROM orders_id_seq;
```

180 கோடி என்று விடை வருகிறது, நாளுக்கு 20 லட்சம் வரிசைகள் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மீதி சுமார் 34.7 கோடி, 173 நாள்தான் தாங்கும். ஆறு மாதம்கூட இல்லை. பத்தியைப் பெரிதாக்குவதும் நினைத்தவுடன் முடிகிற காரியமல்ல. போஸ்ட்கிரஸில் நேரடியாக மாற்றினால் மொத்த டேபிளையும் திருப்பி எழுதும்; அதுவரை யாரும் அதைத் தொட முடியாது. பக்கத்தில் பெரிய பத்தி ஒன்றைச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, கடைசியில் இடம் மாற்றுவதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே “எண் தீரப்போகிறது” என்று எழுதாமல், தீரும் தேதியையும் வேலையைத் தொடங்க வேண்டிய தேதியையும் எழுத வேண்டும்.

குறிப்பைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதற்கு முன் போகிறவர் ஒரு நாளை ஒதுக்கட்டும். நேற்றைய பேக்கப்பை ஒரு காலி சர்வரில் ஏற்றும் வேலையைப் புதியவரே குறிப்பைப் பார்த்துச் செய்யட்டும். பழையவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். “இது எங்கே இருக்கிறது?” என்று அவர் கேட்கும் ஒவ்வொரு இடத்திலும், குறிப்பில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது.