மளிகைக் கடையில் லாபம் வருது... கல்லாவில் காசு இல்லையே ஏன்? மாதக் கணக்கை முன்கூட்டியே போடுவது எப்படி?

மதுரை ஒத்தக்கடை பக்கம் புதுசா ஒரு மளிகைக் கடை திறக்கிறீங்கன்னு வச்சுக்குவோம். வியாபாரம் மாசத்துக்கு மாசம் கூடுது. ஆனால், இரண்டாவது மாதக் கடைசியில் கீழமாசி வீதிக்குச் சரக்கு எடுக்கக் கிளம்பினால் கையில் பணம் இல்லை. கணக்குப் பார்த்தால் லாபம்தான். அப்போ காசு எங்கே போச்சு?

விற்ற விலையிலிருந்து சரக்கு விலையையும் கடைச் செலவையும் கழித்தால் மிஞ்சுவது லாபம். ஆனால் காசு எந்தத் தேதியில் வருது, எந்தத் தேதியில் போகுது என்பது வேறு கணக்கு. இதைத்தான் 'கேஷ் ஃப்ளோ' என்கிறார்கள். கடை திறப்பதற்கு முன்பே ஒரு நோட்டில் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

விற்பனையை எப்படிக் கணிப்பது?

புதுக் கடைக்குப் பழைய கணக்கு கிடையாது. அதனால் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க, ஒருத்தர் சராசரியா எவ்வளவுக்கு வாங்குவாங்க என்று பெருக்கிப் பாருங்கள். உதாரணத்துக்கு, 50 பேர் 100 ரூபாய்க்கு வாங்கினால் நாளுக்கு 5,000 ரூபாய், மாதத்துக்கு 1,50,000. இரண்டாவது மாதம் 60 பேர் வந்தால் 1,80,000.

ஒரு உதாரணக் கணக்கு

அட்வான்ஸ், ரேக், முதல் சரக்கு எல்லாம் போக கையிருப்பு 40,000 ரூபாய். 100 ரூபாய் விற்பனையில் சரக்கு விலை 88, மிச்சம் 12. விற்றதை உடனே திரும்ப வாங்கி நிரப்புகிறோம். விற்பனையில் 20 சதவீதம் கடன். அது அடுத்த மாதம்தான் வரும்.

முதல் மாதம்:
- வரவு: ரொக்க விற்பனை 1,20,000 (கடன் 30,000)
- செலவு: சரக்கு 1,32,000, வாடகை 8,000, லோன் தவணை 4,000, வீட்டுச் செலவுக்கு 8,000. மொத்தம் 1,52,000
- மாதக் கடைசியில் கையில்: 8,000

இரண்டாவது மாதம்:
- வரவு: ரொக்கம் 1,44,000, பழைய பாக்கியில் வசூல் 25,000. மொத்தம் 1,69,000
- செலவு: சரக்கு 1,58,400, வாடகை, தவணை, வீட்டுக்கு 20,000, கரண்ட் பில் 4,000. மொத்தம் 1,82,400
- மாதக் கடைசியில்: 5,400 ரூபாய் பற்றாக்குறை

இந்த மாதம் வாடகை, கரண்ட் பில் போக கடையின் லாபம் 9,600 ரூபாய். ஆனாலும் கல்லா காலி! காரணம், பாக்கி நோட்டில் 41,000 ரூபாய் நிற்குது. தவணையும் வீட்டுச் செலவும் சேர்ந்து லாபத்தை விட 2,400 கூடுதலாப் போயிருக்கு.

கடனை மட்டும் 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைத்துப் பாருங்கள். மற்ற எல்லாம் அப்படியே இருந்தால், இரண்டாவது மாதக் கடைசியில் கையில் சுமார் 15,000 ரூபாய் மிஞ்சும். ஆனா ஒண்ணு, கடன் கொடுக்கலைன்னா சில வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க. அதனால் விற்பனையையும் கொஞ்சம் குறைத்து ஒரு தடவை கணக்குப் போடுவது நல்லது.

தேதியையும் பாருங்க

மாதக் கணக்கில் மிச்சம் காட்டினாலும் 25-ம் தேதி கல்லா காலியாக இருக்கலாம். சம்பளக்காரர்கள் பாக்கியை மாதத்தின் முதல் வாரத்தில்தான் தருவார்கள்; கடைசி வாரம்தான் கடன் கேட்பார்கள். அதனால் மாதத்தை நான்கு வாரமாகப் பிரித்து எழுதுங்கள். லோன் வாங்கும்போதே தவணைத் தேதியை 10-க்கு மேல் கேட்டுப் பாருங்கள்.

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், வராத மாதத்தில் அதை மறந்துவிடுவது சகஜம். பொங்கல், தீபாவளிக்கு வெல்லம், நெய், எண்ணெய் எல்லாம் முன்னாடியே வாங்கி அடுக்கணும். காசு முதலில் போகும், பிறகுதான் வரும். அந்த மாதத்துக்குச் சரக்குச் செலவைக் கூட்டியே எழுதுங்கள்.

கணக்கு தப்புதா? எப்படித் தெரியும்?

ஞாயிறு இரவு நான்கு தொகையை எழுதுங்கள்: கல்லாவில் உள்ளது, யுபிஐ மூலம் வங்கியில் ஏறியது, பாக்கி நோட்டின் கூட்டல், ஏஜென்சிகளுக்குத் தர வேண்டியது. முன்பு கணித்த தொகைக்குப் பக்கத்திலேயே இதை எழுதினால் வித்தியாசம் உடனே தெரியும்.

விற்பனை கூடியும் காசு குறைந்தால், முதலில் பாக்கிக் கூட்டலைப் பாருங்கள். அது ஏறவில்லை என்றால் ரேக்கைப் பாருங்கள். ஒரு மாதமாக நகராத சோப்பும் மசாலா பாக்கெட்டும் முடங்கிக் கிடக்கும் காசுதான். அதே சரக்கைத் திரும்ப எடுப்பதை நிறுத்துங்கள். வீட்டுக்கு எடுத்த அரிசி, பருப்பையும் நோட்டில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் எந்தக் கணிப்பும் சரியா வராது.